சொல்லாமல் போகும் எண்கள்: ப்ரீபெய்ட் விலகல் விகிதத்தைக் கணக்கிட்ட அனுபவம்

போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளர் விலகும்போது விண்ணப்பம் கொடுப்பார், பாக்கியைக் கட்டுவார், அல்லது கட்டாமல் போய் வசூல் பிரிவின் பட்டியலில் சேர்வார். ப்ரீபெய்ட் வாடிக்கையாளர் அப்படி எதையும் செய்வதில்லை. ஒரு நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். இந்திய மொபைல் சேவையில் பெரும்பான்மையோர் ப்ரீபெய்ட் பயனர்கள் என்பதால், எத்தனை பேர் விலகினார்கள் என்ற எளிய கேள்விக்கே ஒரு நிறுவனத்துக்குள் மூன்று பிரிவுகள் மூன்று விடை சொல்லும். நான் பணிபுரிந்த ஒரு மொபைல் சேவை நிறுவனத்தில், பெரும்பாலும் மாநில அளவிலான சேவைப் பகுதியைக் குறிக்கும் ‘வட்ட’த்தின் அலுவலகத்தில், இந்தக் கணக்கை முதலிலிருந்து கட்டி எழுப்பிய முறையை இங்கே பதிவு செய்கிறேன். உள் விவரங்களை வெளியிட முடியாது என்பதால், எண்களை மாற்றி முழு எண்களாக ஆக்கியிருக்கிறேன். விகிதங்களின் போக்கும் கணக்கின் வழியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அலுவலகத்தில் எல்லாரும் ‘சர்ன்’, அதாவது விலகல், என்று சொல்லிவந்த எண், கணினியிலிருந்து நீக்கப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கையிலிருந்து வந்தது. அதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, ஒரு ப்ரீபெய்ட் எண்ணில் தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் அந்த இணைப்பை நீக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் உடனே நீக்க முடியாது. ஆகவே ஜூன் மாத அறிக்கையில் விலகியவர்களாகத் தெரிகிறவர்கள் உண்மையில் மார்ச் வாக்கிலேயே போய்விட்டவர்கள். விலகலுக்கு என்ன காரணம் என்று ஜூன் மாத நிகழ்வுகளில் தேடினால் எதுவும் பொருந்தாது. அதோடு, ஓர் அழைப்புகூட வராத எண்ணும், மாதத்துக்கு ஒரு முறை யாரோ தவறுதலாக அழைக்கும் எண்ணும் இந்தக் கணக்கில் முற்றிலும் வேறாகிவிடுகின்றன. பிந்தையது அழைப்பை ஏற்றிருந்தால் இன்னும் ‘உயிரோடு’ இருக்கிறது.

எனவே விலகலுக்கு வேறொரு வரையறை தேவைப்பட்டது. பேக்கின் வேலிடிட்டி முடிந்த நாளைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அதன்பின் எத்தனை நாள் ரீசார்ஜ் இல்லாதிருந்தால் அவர் போய்விட்டார் என்று கொள்ளலாம் என்பதே கேள்வி. இதை மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. பழைய தரவிடம் கேட்க வேண்டும். ஓர் ஆண்டுக்கு முன் வேலிடிட்டி முடிந்த எண்களை எடுத்து, குறிப்பிட்ட நாள்வரை ரீசார்ஜ் செய்யாதவர்களில் பிறகு எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பார்த்தோம். 7 நாள் கடந்தும் வராதவர்களில் 100-க்கு 58 பேர் பிற்பாடு வந்துவிட்டார்கள். 15 நாள் கடந்தவர்களில் 34 பேர் வந்தார்கள். 30 நாள் கடந்தவர்களில் 12 பேர்தான் வந்தார்கள். 45 நாளுக்குப் பிறகு அது 8. சரிவு 30-இல் தட்டையாகிவிடுகிறது. அதற்கு மேல் காத்திருந்தால் கிடைக்கும் தெளிவு கொஞ்சம், இழக்கும் நேரம் அதிகம். ஆகவே வேலிடிட்டி முடிந்து 30 நாள் ரீசார்ஜ் இல்லாத எண் விலகிய எண் என்றும், அந்த விலகல் வேலிடிட்டி முடிந்த மாதத்தின் கணக்கில் சேரும் என்றும் வைத்துக்கொண்டோம். மார்ச் மாத விகிதம் ஏப்ரல் முடிவில்தான் உறுதியாகும். மேலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை என்றாலும், மூன்று மாதப் பழைய செய்தியைப் புதியதாக எண்ணிக்கொள்வதை விட இது மேல்.

இப்போது விகிதம். மார்ச் தொடக்கத்தில் 10,00,000 இணைப்புகள் இருந்தன. அவற்றில் 32,000 எண்கள் விலகின என்றால் விகிதம் 3.2 சதவீதம். மாதத்தின் தொடக்க, இறுதி எண்ணிக்கைகளின் சராசரியைக் கீழே போட்டு வகுப்பதும் நடைமுறையில் உண்டு; ஆனால் புதிய சிம்கள் நிறைய விற்ற மாதத்தில் அந்தச் சராசரி பெருத்து, விலகல் குறைந்ததுபோல் காட்டும். தொடக்கத்தில் இருந்தவர்களை மட்டும் பின்தொடர்வதே நேர்மையான வழி. இந்த 3.2-ஐ 12-ஆல் பெருக்கி ஆண்டுக்கு 38.4 சதவீதம் என்று சொல்வதும் தவறு. ஒவ்வொரு மாதமும் மிஞ்சியவர்களிலிருந்துதான் விலகுகிறார்கள் என்பதால் சரியான கணக்கு இது:

```
1 - (1 - 0.032)^12 = 0.323
```

ஆனால் இந்த 32.3 சதவீதமும், எல்லா வாடிக்கையாளருக்கும் விலகும் வாய்ப்பு ஒன்றே என்று எடுத்துக்கொண்டால்தான் பொருந்தும். இணைப்பின் வயதைப் பிரித்தவுடன் அந்த எண்ணம் உடைந்தது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட 1,00,000 சிம்களில் 11,000 போயிருந்தன. அதாவது 11 சதவீதம். மற்ற 9,00,000 பேரில் 21,000 பேர் போயிருந்தார்கள், அது 2.3 சதவீதம். இவை இரண்டும் ஒரே நோய் அல்ல. புது சிம்மில் முதல் பேக் முடிந்ததும் இரண்டாவது ரீசார்ஜே வராமல் போவதுதான் பெரும்பகுதி. முதல் ரீசார்ஜுக்குத் தரும் சலுகைக்காக சிம் வாங்குபவர்களும், விற்பனை இலக்கை நிரப்ப வேண்டி ரீடெய்லர் கையில் திணித்துவிடும் சிம்களும் இதில் அடங்கும். இதற்குச் சலுகை அனுப்பிப் பயனில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் வாரியாக, இரண்டாவது ரீசார்ஜ் வரை வந்த சிம்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு பட்டியல் எடுத்து விற்பனைப் பிரிவிடம் கொடுத்துவிட்டு, பழைய வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பினோம்.

அங்கே இன்னொரு திரை இருந்தது. 84 நாள் பேக் போட்டவர் இந்த மாதம் முடிவெடுக்கும் இடத்திலேயே இல்லை. அவர் மனத்தளவில் போய்விட்டிருந்தாலும் வேலிடிட்டி இருக்கும் வரை கணக்கில் இருப்பவரே. 9,00,000 பேரில் மார்ச்சில் வேலிடிட்டி முடிகிறவர்கள் 5,80,000 பேர் மட்டுமே. ஆகவே 21,000 பேர் விலகியதை அந்த 5,80,000-இன் மேல் வைத்துப் பார்த்தால் 3.6 சதவீதம். இப்படிப் பார்க்காவிட்டால் கட்டண உயர்வுக் காலங்களில் ஏமாந்துபோவோம். ஜூலை 2024-இல் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, உயர்வு நடைமுறைக்கு வருமுன்பே நீண்ட பேக்கைப் போட்டுவைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முடிவெடுக்கும் நாள் அந்தப் பேக் முடியும்போதுதான் வரும். இடைப்பட்ட மாதங்களில் மொத்த விகிதம் அமைதியாக இருப்பதை வாடிக்கையாளர்கள் உயர்வை ஏற்றுக்கொண்டதாகப் படிக்கக் கூடாது.

முன்னெச்சரிக்கை அறிகுறிகளில் எல்லாரும் முதலில் நினைப்பது, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறக் கேட்கும் போர்ட் கோரிக்கையை. வாடிக்கையாளர் 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, மாறுவதற்குத் தேவையான யுபிசி என்ற குறியீட்டைப் பெறுகிறார். புதிய நிறுவனத்தின் கடையில் அதைக் கொடுக்கிறார். அதே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் எண் அந்த நிறுவனத்துக்கு மாறிவிடுகிறது. பெரும்பாலான வட்டங்களில் அந்த யுபிசி நான்கு நாள் மட்டுமே செல்லும் என்பதால், அதைக் கேட்கிறவர் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டவர். அது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்ப்பது போன்றது. யார் விலகுவார் என்று முன்கூட்டிச் சொல்லும் கணிப்பு மாதிரியில் இந்தத் தகவலைச் சேர்த்தால் துல்லியம் பிரமாதமாக உயரும். பயன் ஒன்றும் இருக்காது. அதனால்தான் பயிற்சித் தரவைத் தயாரிக்கும்போது, எட்டு வாரப் பயன்பாட்டைப் பார்க்கும் காலமாகவும், அதையடுத்த இரண்டு வாரத்தைத் தொடாத இடைவெளியாகவும் வைத்தோம். அந்த இடைவெளிக்குப் பின் வேலிடிட்டி முடிந்து விலகியவர்களை மட்டும்தான் மாதிரி முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வேலை செய்ய நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு வாரம்தான்.

தொடக்கத்திலேயே நன்றாக உழைத்த அறிகுறி ரீசார்ஜ் தாமதம். ஆனால் தாமதத்தை ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. ஒருவர் எப்போதும் வேலிடிட்டி முடிந்து ஐந்தாறு நாள் கழித்து, சம்பளம் வந்த பின்புதான் ரீசார்ஜ் செய்வார்; அவருடைய ஐந்து நாள் தாமதம் ஒன்றையும் சொல்லாது. இன்னொருவர் முடிவதற்கு முந்தைய நாளே போட்டுவிடுகிறவர். அவர் மூன்று நாள் தாமதித்தால் அது செய்தி. எனவே ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் சொந்த வழக்கத்தைக் கணக்கிட்டோம்:

```sql
WITH r AS (
  SELECT msisdn, rdate,
         LAG(expiry_date) OVER
           (PARTITION BY msisdn ORDER BY rdate) AS prev_expiry
  FROM recharge
  WHERE pack_type = 'BASE'
    AND rdate < DATE '2025-03-01'
)
SELECT msisdn,
       PERCENTILE_CONT(0.5) WITHIN GROUP
         (ORDER BY rdate - prev_expiry) AS usual_delay
FROM r
WHERE prev_expiry IS NOT NULL
GROUP BY msisdn
HAVING COUNT(*) >= 4;
```

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். `pack_type = 'BASE'` என்ற வரி இல்லாவிட்டால், கூடுதல் டேட்டாவுக்காகப் போடும் சிறு பேக்குகளும் ரீசார்ஜாக எண்ணப்பட்டு எல்லாருமே ஒழுங்கானவர்களாகத் தெரிவார்கள். வேலிடிட்டி முடியும் நாளை நாமே ரீசார்ஜ் தேதியுடன் 28-ஐக் கூட்டிக் கணக்கிடுவதும் கூடாது. பழைய பேக் முடியுமுன் போட்ட புதிய பேக் வரிசையில் காத்திருக்கும் என்பதால், பில்லிங் அமைப்பு பதிந்த `expiry_date`-ஐயே எடுக்க வேண்டும். சராசரிக்குப் பதிலாக நடு மதிப்பை எடுத்ததற்கும் காரணம் உண்டு. ஊருக்குப் போய் ஒரு முறை 40 நாள் விட்டவரின் சராசரி, அந்த ஒரு நிகழ்வாலேயே குலைந்துபோகும்.

தாமதம் காட்டும் படம் பாதிதான். மீதி பயன்பாட்டில் இருக்கிறது. இரண்டு சிம் போடும் கைபேசிகள் வந்த பிறகு, விலகல் ஒரே நாளில் நடப்பதில்லை. சிம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மெல்ல நகர்கிறது. ஓர் எண்ணின் எட்டு வாரத்தைப் பார்த்தால் இது புரியும். முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு ஒன்றேகால் ஜிபி டேட்டா, வாரத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு எண்களுக்கு அழைப்பு. மூன்றாவது வாரத்தில் டேட்டா ஏறக்குறைய பூஜ்யம். அழைப்புகள் குறையவில்லை. கைபேசி அமைப்பில் டேட்டாவை மட்டும் இரண்டாவது சிம்முக்கு மாற்றிவிட்டார் என்று பொருள். ஐந்தாவது வாரத்தில் வெளியே போகும் அழைப்புகள் ஆறேழு எண்களுக்குச் சுருங்கின. வரும் அழைப்புகள் பழையபடியே. புதிய எண்ணிலிருந்து பேசத் தொடங்கிவிட்டார், மற்றவர்கள் இன்னும் பழைய எண்ணையே வைத்திருக்கிறார்கள். ஏழாவது வாரத்தில் வரும் அழைப்புகளும் பாதியாயின. எட்டாவது வாரத்தில் எஞ்சியவை வங்கி, எரிவாயு போன்ற நிறுவனங்களிடமிருந்து வரும் குறுஞ்செய்திகள்தாம். அடுத்த வாரம் வேலிடிட்டி முடிந்தது, ரீசார்ஜ் வரவில்லை.

இந்த வரிசை, அதாவது முதலில் டேட்டா, பிறகு வெளி அழைப்பு, பிறகு உள் அழைப்பு என்பது, விலகிய பழைய எண்களில் திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே மொத்தப் பயன்பாடு எவ்வளவு குறைந்தது என்பதை விட, வெளி அழைப்புக்கும் உள் அழைப்புக்கும் உள்ள விகிதம் எப்படி மாறியது என்பதே முன்கூட்டிக் காட்டுகிறது. மொத்தம் குறைவது விடுமுறையாலும் ஆகலாம். விகிதம் ஒருபக்கமாகச் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறொரு சிம்தான். ஓடிபி வருவதற்காக மட்டும் வைத்திருக்கும் எண்களை நாங்கள் தனி வகையாகப் பிரித்தோம். அவை முழுதாக விலகுவதில்லை. மிகக் குறைந்த பேக்கிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. விலகல் விகிதத்தில் அவை நல்ல வாடிக்கையாளர்கள், வருவாயில் அல்ல.

பொய்யான எச்சரிக்கை எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வட்டத்தில் அது திருப்பூரிலிருந்து வந்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து பின்னலாடை ஆலைகளுக்கு வந்த தொழிலாளர்கள் தீபாவளி, சத் பூஜையை ஒட்டி ஊருக்குப் போகும்போது அவர்கள் எண்கள் வேறு வட்டத்தில் ரோமிங்கில் இருக்கின்றன. அந்தப் பயன்பாட்டுப் பதிவு எங்கள் வட்டத்தின் அட்டவணையில் உடனே சேர்வதில்லை. மாதிரியின் கண்ணுக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் மௌனமானதாகத் தெரிந்தது. திருவள்ளூர்ப் பக்கச் செங்கல் சூளைகளிலும் மழைக்காலத்துக்கு முன் இதே கதைதான்: சூளைப் பருவம் முடிந்ததும் ஒடிசாத் தொழிலாளர் குடும்பங்கள் கிளம்பிவிடும். கடைசியாகப் பதிவான இடம் வேறு வட்டம் என்றால் அந்த எண்ணுக்குப் பயன்பாட்டு அறிகுறிகளை நிறுத்திவைத்து, ரீசார்ஜ் தாமதத்தை மட்டும் பார்ப்பது என்ற ஒரு விதி போதுமானதாக இருந்தது.

மாதிரி என்று பெரிதாக ஒன்றுமில்லை; பத்துப் பன்னிரண்டு அறிகுறிகளை வைத்த லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய புள்ளியியல் முறைதான். இதைவிடச் சிக்கலான முறைகளில் துல்லியம் சற்றே கூடியது. ஆனால் ஒருவர் ஏன் பட்டியலில் வந்தார் என்று வாடிக்கையாளர் சேவைப் பிரிவு கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப்பட்டது. வேலிடிட்டி முடியும் 5,80,000 பேரை, விலகும் வாய்ப்புக்கு மாதிரி தந்த மதிப்பெண் வாரியாக அடுக்கி, மேலிருக்கும் பத்தில் ஒரு பங்கான 58,000 பேரைப் பார்த்தால், அவர்களில் 8,700 பேர் விலகினார்கள். அதாவது 15 சதவீதம். பொது விகிதத்தைப் போல நான்கு மடங்கு. விலகிய 21,000 பேரில் ஐந்தில் இரண்டு பங்கினர் இந்தப் பட்டியலுக்குள் அகப்பட்டார்கள். மீதி மூன்று பங்கினர் எந்த அறிகுறியும் காட்டாமல் போனவர்கள். கைபேசி தொலைந்தவர், வெளிநாடு போனவர், இறந்தவர் எல்லாரும் அதில் உண்டு.

பட்டியல் கிடைத்தவுடன் எல்லாருக்கும் சலுகை அனுப்பிவிட வேண்டும் என்று சந்தைப்படுத்தல் பிரிவு நின்றது. அடுத்த மாதப் பட்டியலும் ஏறக்குறைய அதே அளவுதான். அதில் 8,000 பேரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, எதுவும் அனுப்பாமல் விட்டோம். மற்ற 50,000 பேருக்கும் 200 ரூபாய் பேக்கில் 30 ரூபாய் தள்ளுபடி. குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் தரும் சலுகை கட்டண ஒழுங்குமுறை சார்ந்த விஷயம் என்பதால், சட்டப் பிரிவின் ஒப்புதல் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. விளைவு: ஒதுக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேர் விலகினார்கள், தள்ளுபடி பெற்ற குழுவில் 13.9 சதவீதம். ஆக 1.1 சதவீத வேறுபாடு. 50,000 பேரில் ஏறக்குறைய 550 பேர் தங்கினார்கள். குழுக்களின் அளவினால் வரும் பிழையைச் சேர்த்தால் உண்மையான வேறுபாடு கால் சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம்.

தள்ளுபடியைப் பயன்படுத்தியவர்களோ 32,000 பேர். செலவு 9,60,000 ரூபாய். அதை 550-ஆல் வகுத்தால் தங்கிய ஒருவருக்கு 1,745 ரூபாய். அவர் இன்னும் ஒன்பது முறை முழு விலையில் ரீசார்ஜ் செய்தால்தான், அதுவும் மொத்த வருவாயைக் கணக்கில் எடுத்தால்தான், போட்ட பணம் திரும்பும். பணம் எங்கே போயிற்று என்றால், எப்படியும் ரீசார்ஜ் செய்திருக்கக்கூடியவர்களிடம். ஒதுக்கிவைத்த குழு இல்லாதிருந்தால், 50,000 பேரில் 43,000 பேர் தங்கினார்கள் என்று கைதட்டல் கிடைத்திருக்கும்.

அதன்பின் பட்டியலைக் காரணம் வாரியாகப் பிரித்தோம். பயன்பாடு முழுமையாக இருந்து ரீசார்ஜ் மட்டும் வழக்கத்தைவிடத் தாமதமாகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல் போதும். அதற்குத் தள்ளுபடி தேவையில்லை. டேட்டா நின்று ஆறு வாரம் ஆனவர்களைத் துரத்துவதில் பயனில்லை. டேட்டா நிற்கும் அந்த மூன்றாவது வாரத்திலேயே பிடித்தால்தான் உண்டு. மூன்றாவது வகை, அதாவது டவர் பழுதால் சிக்னல் கிடைக்காமல் போகிறவர்கள், அதுதான் எங்களுக்கு நிஜமாகப் பயன்பட்டது.

ஒவ்வோர் எண்ணுக்கும் இரவு 10 முதல் காலை 6 வரை அதிகம் பதிவாகும் டவரை வீட்டு டவராக எடுத்துக்கொண்டு, டவர் வாரியாக விலகலைப் பார்த்தோம். மேலே வந்தவற்றில் ஒன்றில், வேலிடிட்டி முடிந்த 1,400 பேரில் 130 பேர் போயிருந்தார்கள், 9.3 சதவீதம். அந்தப் பகுதியிலிருந்து வந்த புகார்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவையே. சிக்னல் இல்லையென்று ப்ரீபெய்ட் வாடிக்கையாளர் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக்கொண்டிருப்பதில்லை; பக்கத்துக் கடையில் இன்னொரு சிம் வாங்கிவிடுகிறார். டவரின் அலாரப் பதிவை எடுத்தால், மின்தடை வந்து ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே டவர் அணைந்துவிடுவது தெரிந்தது. பேட்டரி தேய்ந்துபோயிருந்தது. டவர் இயங்கிய நேரத்தைச் சொல்லும் மாதக் கிடைப்பு விகிதத்தில் இது உறுத்தவில்லை, ஏனென்றால் அணைந்த நேரம் மொத்தத்தில் கொஞ்சம்தான். ஆனால் அது பெரும்பாலும் ஆட்கள் வீடு திரும்பும் மாலை நேரம்.

இந்த டவர் உட்பட, அலாரப் பதிவில் இதே பழுது தெரிந்த டவர்களில் பேட்டரி மாற்றப்பட்டது. அவற்றின் மொத்த விலகல் 9 சதவீத அளவிலிருந்து அடுத்த இரண்டு ரீசார்ஜ் சுற்றுகளில் 5 சதவீதத்துக்கு இறங்கியது. இதை முழுதும் பேட்டரியின் கணக்கில் எழுத முடியாது. ஒரு மாதத்தில் மிக மோசமாக இருந்ததனால் பட்டியலுக்கு வந்த எந்த டவரும் அடுத்த மாதத்தில் தானாகவே கொஞ்சம் இறங்கும். பட்டியலில் அதே உயரத்தில் இருந்து இன்னும் பேட்டரி மாற்றப்படாத டவர்களில் விகிதம் 8 சதவீதம் வரை இறங்கியிருந்தது. எனவே பேட்டரிக்கு உரியது 3 சதவீதம் மட்டுமே. ஒரு டவருக்கு 1,400 பேர் என்றால் சுற்றுக்கு 42 பேர். தள்ளுபடிச் செலவின் பக்கத்தில் வைத்து நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்பியது இந்த 42 என்ற எண்ணைத்தான்; மீதி டவர்களின் பேட்டரிக்கு அந்த அடிப்படையில்தான் ஒப்புதல் கிடைத்தது.